எவ்ளோ நேரத்துல வருவே சார்?

டாக்டர் வெங்கடரமணனுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் தொழில். ஆனால் அவருக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு ஸ்கூட்டர் இருந்தது, குழாய்களும் மருந்துகளும் நிரம்பிய ஒரு பை இருந்தது, இடுப்பில் ஒரு பேஜர் இருந்தது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் இருக்கிற சின்னச் சின்ன நர்ஸிங் ஹோம்களில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் பேஜர் அடிக்கும். வழியில் ஏதாவது பி.சி.ஓ.வில் வண்டியை நிறுத்திப் பேசுவார். பிறகு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார். இருபது வருஷமாக இப்படித்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம். நந்தனம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பேஜர் அடித்தது. சூடாமணி என்று பெயர் மட்டும் வந்திருந்தது. அவசரம் என்று இல்லை. காலையில் மயிலாப்பூரில் ஒரு குடலிறக்கம், பிறகு தி.நகரில் ஒரு கர்ப்பப்பை. சாப்பாடு டப்பா திறக்கப்படாமலே பையில் சூடேறிக்கொண்டிருந்தது. முதுகெலும்பில் மற்றவர்களுக்கு ஊசி போட்டுப் போட்டு, தன் முதுகு எப்போது வலிக்க ஆரம்பித்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. சிக்னல் விழுந்ததும் அடையாறு பக்கம் போனார்.

டாக்டர் சூடாமணியின் நர்ஸிங் ஹோம் காந்தி நகரில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. கீழே ஒரு தியேட்டர், பிரசவ அறை. மேலே எட்டுக் கட்டில். சூடாமணி அம்மாவுக்குச் சொந்தம். பெசன்ட் நகர் வங்கி அதிகாரிகளின் மனைவிகளும் ஊரூர் மீனவர் குப்பத்துப் பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிற இடம் அது. குப்பத்துப் பெண்களுக்கு அந்த அம்மா கை பட்டால்தான் பிரசவம்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் சூடாமணி.

"இன்னும் இல்லை. சொல்லுங்கோ."

அவர் மேஜையில் ஒரு படத்தை வைத்தார். பளபளப்பான காகிதத்தில் எடுத்த ஸ்கேன் படம். சாம்பல் நிறக் குழப்பத்துக்கு நடுவே, சிவப்பும் நீலமுமாக ஒரு பட்டை குறுக்கே போயிற்று.

வெங்கடரமணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஸ்கேன் படிப்பது அவர் வேலை இல்லை. ஆனால் அந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் பையைக் கீழே வைத்தார்.

"இது கர்ப்பப்பை வாய்தானே?"

"வாய்க்கு நேர் மேல."

"யாரு?"

"தேவானை. குப்பத்துப் பொண்ணு. அவளோட முதல் குழந்தையும் இங்கதான் பிறந்தது. அஞ்சாம் மாசம் ஸ்கேன்ல நஞ்சு கீழ இருந்தது. போன மாசம் பார்த்தப்போ மேல ஏறிடுச்சுன்னு ரிப்போர்ட் வந்தது. ரெண்டு வருஷம் முன்னாடியா இருந்தா சந்தோஷமா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்ப மனசு கேக்கலை. தி.நகர்ல ஸ்கேன் பாக்கற ஸ்ரீரஞ்சனி, ரத்த ஓட்டம் காட்டற கலர் மெஷின் வாங்கியிருக்காளே, அவகிட்ட அனுப்பினேன்."

இப்ப மனசு கேக்கலை என்று சூடாமணி சொன்னதன் காரணம் இரண்டு பேருக்கும் தெரியும். மின்விசிறி டக் டக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது.

போன ஐப்பசி மழையில் ஸ்நேஹா என்று ஒரு பெண் இங்கே பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கும், குழந்தைக்கு ரத்தம் ஊட்டுகிற நஞ்சு முதலில் கீழே இருந்து பிறகு மேலே ஏறியது. எல்லோரும் நிம்மதியானார்கள். பிரசவ வலி மந்தமாக இருக்கவே, வழக்கம்போல் சூடாமணி பனிக்குடத்தை உடைத்துவிட்டார். தண்ணீரோடு ரத்தம் வந்தது. அப்போது வெங்கடரமணன் மயிலாப்பூரில் இருந்தார். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "பி.பி. எவ்வளவு?" என்பது. அதைத்தான் எப்போதும் கேட்பார். நர்ஸ் "நூத்தி இருபதுக்கு எண்பது சார், பேஷன்ட் நல்லா பேசிட்டிருக்காங்க" என்றாள். சரி, கிளம்பி வரேன் என்றார். மழைத் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோதும் ஸ்நேஹா நன்றாகத்தான் இருந்தாள். குழந்தையின் இதயத் துடிப்பைத்தான் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே எடுத்த குழந்தை வெள்ளைத் துணி போல இருந்தது.

அன்றைக்கு சூடாமணி நஞ்சையும் பனிக்குடத்துச் சவ்வையும் தட்டில் விரித்துப் பார்த்தார். தொப்புள் கொடி நஞ்சின் நடுவில் போய்ச் சேராமல் சவ்விலேயே முடிந்திருந்தது. அங்கிருந்து ரத்தக் குழாய்கள், கொடியின் வழுவழுப்பான உறை இல்லாமல், சவ்வின் மேல் அம்மணமாக ஓடி நஞ்சுக்குப் போயின. அதில் ஒன்று கிழிந்திருந்தது. சவ்வு கிழிந்த இடத்திலேயே.

அந்த ரத்தம் ஸ்நேஹாவுடையது இல்லை. குழந்தையுடையது. அதனால்தான் அவள் பி.பி. கடைசி வரை நன்றாகவே இருந்தது.

"தேவானைக்கு எப்படிக் கண்டுபிடிச்சா?" என்று வெங்கடரமணன் கேட்டார்.

"நஞ்சு மேல ஏறலை. பெரிய துண்டு பின்பக்கம் மேல இருக்கு. சின்னத் துண்டு ஒண்ணு முன்பக்கம் கீழேயே நின்னுட்டது. ரெண்டுக்கும் நடுவுல குழாய், வாய்க்குக் குறுக்கே. கருவியை வயித்து மேல வெச்சுப் பார்த்தா தெரியலை. மூத்திரத்தை அடக்கிண்டு படுக்கச் சொல்றோமே, அதுல எல்லாம் நசுங்கிக் கிடக்கும். ஸ்ரீரஞ்சனி போய்ட்டு வரச் சொல்லிட்டு, உள்ள வெச்சுப் பார்த்தா."

"கொடியே ஒரு சுத்து கீழ விழுந்து கிடக்கலாமே?"

"அதையும் பார்த்துட்டா. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் படுக்க வெச்சா, எழுந்து நடக்க வெச்சுத் திரும்பப் பார்த்தா. கொடியா இருந்தா நகரும். இது நகரலை. அந்தக் குழாய் மேல துடிப்பு எடுத்தா, நிமிஷத்துக்கு நூத்தி நாப்பதுக்கு மேல. தேவானையோட நாடி எண்பது. அது அம்மாவோட குழாய் இல்லை."

வெங்கடரமணன் படத்தை மேஜையில் வைத்தார். சந்தேகத்துக்கு இடமில்லை. களைப்பில் அவருக்கு முதலில் தோன்றியது, இது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, நல்லது என்பதுதான். பிறகுதான், கண்டுபிடித்தால் மட்டும் போதாது என்று தோன்றியது.

"முப்பத்தி ரெண்டு வாரம் முடியறது," என்றார் சூடாமணி. "இப்பவே சேர்த்துடப் போறேன். குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போட்டுடலாம். முப்பத்தஞ்சு வாரத்துல வலி வரதுக்கு முன்னாடி, பனிக்குடம் உடையறதுக்கு முன்னாடி, வயித்தைத் திறந்து எடுத்துடலாம். நாள் குறிச்சு, நீங்க காலைல வந்து நின்னு, ரத்தம் வாங்கி வெச்சு."

"சரி. அதுக்கு முன்னாடியே உடைஞ்சா?"

"உடனே எடுக்கணும்."

"யார் மயக்க மருந்து கொடுப்பா?"

சூடாமணி அவரைப் பார்த்தார். "அதுக்குத்தான் கூப்பிட்டேன். மூணு வாரம். நீங்க வேற எங்கயும் போகாம இங்கயே இருக்க முடியுமா? மேல டியூட்டி ரூம் காலியா இருக்கு."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தார். சொல்ல முடியவில்லை. மேலே ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, எங்கும் ஓடவேண்டாம் என்பதே அவருக்கு ஆசையாக இருந்தது. ஆனால் மயிலாப்பூர் சர்ஜன் விடுவாரா? தி.நகரில் இருக்கிறவருக்கு வேறு ஆளே இல்லை. இரண்டு நாள் இருப்பார். மூன்றாம் நாள் ஒரு அவசர போன் வரும், அரைமணியில் வந்துவிடுகிறேன் என்று அடையாறு பாலத்தைத் தாண்டுவார். அந்த அரைமணியில்தான் அது நடக்கும்.

"நான் இருந்தா மட்டும் ஆச்சா?" என்றார். "நீங்க ராத்திரி ஆத்துக்குப் போவேள். தியேட்டர் நர்ஸ் ஒருத்திதான். குழந்தைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்னா யார் எங்க ஓடறது? மேடம், நந்தனத்துல டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருக்கே. அங்க இருபத்து நாலு மணி நேரமும் தியேட்டர் திறந்திருக்கு. மயக்க மருந்து டாக்டர் மாறி மாறி அங்கேயே இருக்கா. ரத்தம் அங்கேயே இருக்கு. குழந்தை டாக்டரும் இருக்கா."

சூடாமணியின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ வாசல்ல எதுக்கு மகப்பேறு மருத்துவமனைன்னு போர்டு போட்டிருக்கேன்? கஷ்டமான கேஸ் வந்தா வெளிய அனுப்பறதுக்கா?"

"நான் போர்டைச் சொல்லலை."

"வேற எதைச் சொல்றீங்க? அவ என்னை நம்பி வந்திருக்கா. போமான்னு நான் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க. வெளியதான் உக்காந்திருக்கா."

தேவானை உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் அவள் கணவன் பொன்னுரங்கம், கட்டுமர ஆள், கடல் உப்பு ஏறிய சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றான்.

"இன்னாம்மா, ரெண்டு டாக்டரும் மூஞ்சிய இப்பிடி வெச்சிகினு கீறீங்க? நான் இன்னும் சாவல," என்றாள் தேவானை.

"சும்மா இரு," என்றான் பொன்னுரங்கம்.

சூடாமணி விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுத்திருக்க வேண்டும் என்றதும் தேவானை பாதியிலேயே கையை ஆட்டினாள்.

"எனுக்கு வலி கீதா? ரத்தம் கீதா? ஒண்ணுமில்ல. நேத்திகூட மீன் கூடையத் தூக்கிகினு பெசன்ட் நகர் பூரா சுத்தினேன். நல்லா கீற பொம்பளைய எதுக்குக் கட்டில்ல போட்டு வெக்கிறது? பொண்ண யாரு பாத்துக்கிறது, இந்த ஆளா? இது அதுக்கு ஜடை போட்டா ஒரு பக்கம் மேல ஒரு பக்கம் கீழ கீது."

"நல்லாத்தான் கீது ஜடை," என்றான் அவன்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் வெங்கடரமணன். "அதுதான் இதுல கஷ்டம். குழந்தை ஒரு தண்ணிப் பையில மிதந்துண்டு இருக்கு. அதோட ரத்தக் குழாய் அந்தப் பையோட சுவர்லயே ஓடறது. சரியா வாசல் பக்கம். பை உடைஞ்சா குழாயும் சேர்ந்து கிழியும். வர்ற ரத்தம் உன் ரத்தம் இல்லை, குழந்தை ரத்தம். இவ்வளவு சின்ன உடம்பு. அதுல மொத்தமே ஒரு பெரிய டம்ளர் ரத்தம்தான் இருக்கும். அதுல பாதி போனாலே ஜாஸ்தி. உனக்கு மயக்கம் வராது, வலிக்காது, நாடி பார்த்தா ஜோரா இருக்கும். பாக்கறவா எல்லாரும் ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுண்டு நிப்பா."

தேவானை வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

பொன்னுரங்கம் சுவரை விட்டு நகர்ந்து வந்தான். "மொகத்துவாரத்துல கயிறு குறுக்க கெடக்குற மாதிரி," என்றான் அவளிடம். "உள்ளார கெடக்குற வரிக்கும் ஒண்ணுமில்ல. கட்டுமரம் வெளிய வரும்போது அறுத்துகினு வரும்."

"அது தெரியுது. நீ சும்மா இரு." பிறகு சூடாமணியைப் பார்த்தாள். "சரிம்மா. படுத்துக்கிறேன். ஆனா இங்கதான். உன் கையிலதான். வேற எங்கயும் போமாட்டேன்."

சூடாமணி வெங்கடரமணனைப் பார்த்தார். பார்த்தீர்களா என்கிற மாதிரி. அவர் பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நீதான் மயக்க ஊசி போடுற டாக்டரா?" என்று தேவானை அவரிடம் கேட்டாள்.

"ஆமாம்."

"எங்க பொண்ணு பொறந்தப்போ நீ வரல."

"அது சுகப்பிரசவம். என்னைக் கூப்பிடலை."

"இப்ப தண்ணி ஒடஞ்சா உன்னக் கூப்புடுவாங்க இல்ல? எவ்ளோ நேரத்துல வருவே சார்?"

இந்தக் கேள்வியை இருபது வருஷமாக எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எப்போதும் ஒரே பதில்தான். இதோ வந்துண்டே இருக்கேன். போன ஐப்பசி வரை அந்தப் பதில் பொய்யாக இருந்ததில்லை. தாய்க்கு ரத்தம் போனால் ஊசியும் பாட்டிலும் போட்டுக் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கலாம். குடல்வால் காத்திருக்கும். எலும்பு காத்திருக்கும். அவர் தொழிலே மற்றவர்கள் காத்திருப்பதால் நடப்பது.

"மேடம் போன் பண்ணணும்," என்றார். "நான் எங்கயோ மயங்கிக் கிடக்கற இன்னொருத்தர் பக்கத்துல இருப்பேன். அவரை எழுப்பாம விட்டுட்டு வர முடியாது. அப்புறம் வண்டி. அப்புறம் பாலம். நான் வருவேன். ஆனா குழந்தையைக் காப்பாத்தற நேரத்துக்கு வரமாட்டேன்."

"வேகமா வந்தா?"

"வேகமா வந்தாலும் எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் வருவேன்."

வெளியே பெஞ்சில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. சூடாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த ஆளு நெசம் பேசுறான்," என்றாள் தேவானை கணவனிடம், அவர் அங்கே இல்லாதது போல. பிறகு சூடாமணியிடம், "உனுக்கு வருத்தமா கீதாம்மா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன வருத்தம்," என்றார் சூடாமணி. திரும்பி வந்து ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டார். "நந்தனத்துல என்கூடப் படிச்சவ இருக்கா. நானே வந்து சேர்த்துவிடறேன். ஆபரேஷன் அன்னிக்கும் வந்து நிப்பேன்."

"கை?"

"என் கையும் இருக்கும். போதுமா?"

"அப்ப சரி," என்றாள் தேவானை.

மறுநாள் அவளை நந்தனத்தில் சேர்த்தார்கள். தியேட்டருக்கு மிக அருகில் இருக்கிற வார்டு, கதவோரக் கட்டில். அதைக் கேட்டு வாங்கியது வெங்கடரமணன். வார்டு ஸிஸ்டர் ஜமீலுன்னிசா பருமனான பெண்மணி, யார் என்ன சொன்னாலும் சந்தேகத்தோடு கேட்பவர். அவரிடம் தனியாக நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"ஸிஸ்டர், இந்தப் பொண்ணுக்குத் தண்ணி உடைஞ்சு ரத்தம் வந்தா பி.பி. பாக்காதீங்கோ."

"பி.பி. பாக்காம எப்படி சார்? முதல்ல அதானே?"

"அதனாலதான் சொல்றேன். பி.பி. நார்மலா இருக்கும். அதைப் பார்த்துட்டு எல்லாரும் மூச்சு விடுவா. நீங்க குழந்தை துடிப்பைக் கேளுங்கோ. அது கூட வேண்டாம். கட்டிலைத் தள்ளுங்கோ. தியேட்டருக்கு."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேட்காம. உங்க டாக்டர் கிட்ட சொல்லியாச்சு, ஒத்துண்டுட்டா."

ஜமீலுன்னிசா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இந்த ஆஸ்பத்திரி டாக்டர் இல்லையே?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பதறுறீங்க?"

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போனார்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஊசி போட்டார்கள். இரண்டாவது வாரம் தேவானை வார்டில் இருக்கிற எல்லோருக்கும் எந்தக் குழம்பில் எந்த மீன் போடுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நந்தனம் வழியாகப் போகும்போது வெங்கடரமணன் ஓரிரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தார். "வந்துட்டாரு லேட் டாக்டரு," என்பாள். பொன்னுரங்கம் தினமும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவான். ஜடை ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. இவ்வளவு திடமான பெண்ணைச் சும்மா படுக்க வைத்திருக்கிறார்களே என்று பக்கத்துக் கட்டில்காரிகள் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்விட்டு வரட்டுமா என்று தேவானையும் ஒரு நாள் கேட்டாள். வேண்டாம் என்று ஜமீலுன்னிசா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன.

அன்று காலை வெங்கடரமணன் மயிலாப்பூரில் ஒரு பித்தப்பை ஆபரேஷனில் இருந்தார். நோயாளியை மயங்க வைத்து, குழாய் போட்டு, மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டிருந்தார். பேஜர் அடித்தது. கையை எடுக்க முடியவில்லை. நர்ஸைக் குனிந்து படிக்கச் சொன்னார்.

"தேவானை, பனிக்குடம் உடைஞ்சது, அப்படின்னு போட்டிருக்கு சார்."

சர்ஜன் நிமிர்ந்து பார்த்தார். "போகணுமா?"

"எங்க போறது," என்றார் வெங்கடரமணன். பையை அமுக்கினார். விட்டார். அமுக்கினார். இந்த மனிதருக்கு இப்போது அவர் கைதான் மூச்சு. அங்கே இந்நேரம் யாரோ ஒருவர் கை தேவானையின் மூச்சாகியிருக்க வேண்டும். ஆகியிருக்குமா? முதலில் பி.பி. கருவியை எடுத்திருப்பார்களோ? சர்ஜன் பித்தப்பைக் கல்லைத் தட்டில் போட்ட சத்தம் கேட்டது.

நோயாளி கண் திறந்து, பெயரைச் சொல்லி, இருமி, வார்டுக்குப் போன பிறகுதான் அவரால் போன் பக்கம் போக முடிந்தது. நந்தனத்து எண் பிஸியாகவே இருந்தது. ரிசீவரை வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். வெயில் ஏறியிருந்தது. வழியில் ஒரு பல்லவன் பஸ் குறுக்கே நின்றது. அவர் ஹார்ன் அடிக்கவில்லை. அடித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தார். நடக்கவேண்டியது எதுவோ அது நடந்து முடிந்திருக்கும். இந்தப் பயணத்தில் அவர் வேகத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

வார்டு வாசலில் ஜமீலுன்னிசா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சேலையின் முந்தானையில் ரத்தக் கறை.

"ஸிஸ்டர்?"

"நீங்க சொன்னீங்களே, அதே மாதிரி," என்றார் அவர். "இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தா. சட்டுன்னு ஸிஸ்டர்னு கத்துனா. போய்ப் பார்த்தா பாவாடை பூரா தண்ணி, தண்ணி பூரா சிவப்பு. புதுசா வந்த பொண்ணு ஓடிவந்து பி.பி. பட்டையை கையில சுத்துது. நல்ல பொண்ணுதான், பழக்கம். தேவானை என்ன சொன்னா தெரியுமா? என் கைய வுடுடி, எனுக்கு ஒண்ணுமில்ல, தள்ளு தள்ளுங்கறா. சிரிக்கிறதா அழுவுறதா எனக்குத் தெரியலை. ரெண்டு பேருமா தள்ளிக்கிட்டே ஓடினோம். பட்டை அவ கையில தொங்கிக்கிட்டே வந்துச்சு."

"துடிப்பு?"

"தியேட்டர்ல கேட்டாங்க. ரொம்ப மெதுவா இருந்துச்சாம். அறுபது, எழுபது. மயக்க டாக்டர் அங்கேயே நின்னாரு சார், ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு. பெரிய டாக்டர் கையைக் கழுவக்கூட இல்லை, கிளவுஸ் மாட்டிட்டு இறங்கிட்டாங்க."

"ஸிஸ்டர், குழந்தை?"

அவர் மூச்சு விட்டார். "பொண்ணு. கொக்கு மாதிரி வெள்ளையா வந்துச்சு. அழலை. குழாய் போட்டாங்க, தொப்புள் வழியா சலைன் ஏத்துனாங்க, அப்புறம் ஓ நெகட்டிவ். ரத்தம் உள்ள போகப் போக உதடு சிவந்துச்சு. அல்லா, நான் முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கறேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை. இப்பக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. அழுதுது, கொஞ்சம் முன்னாடி. சின்னக் குரல்தான்."

வெங்கடரமணன் சுவரோரம் இருந்த மர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தது தெரிந்தது.

"பொழைச்சுடுமா?" என்றார்.

"நாளைக்கு வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதுன்னு குழந்தை டாக்டர் சொல்றாங்க. ஆனா அவங்க முகம் நல்லாத்தான் இருக்கு."

உள்ளே போனார். சூடாமணி அங்கே இருந்தார். அடையாறிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார். அவரும் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒரு எஃகுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். ஈரச் சவ்வு அதில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பெரிய நஞ்சுக்கும் சின்னத் துண்டுக்கும் நடுவே ஒரு குழாய், நடுவில் அறுந்து. ஐப்பசியில் பார்த்ததும் இப்படி ஒரு கிழிசல்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையைப் பிடிச்சுண்டேன்," என்றார் சூடாமணி. "கண்ணு முழிச்சப்போ. என் கையும் இருக்கும்னு சொல்லியிருந்தேனே."

"அது போதும்."

"போதுமா, போதாதா, தெரியலை." தட்டின் மேல் துணியைப் போட்டு மூடினார். "அந்த போர்டு இருக்கே. எடுக்க மாட்டேன். ஆனா இனிமே நஞ்சு கீழ இருந்து மேல ஏறினவங்க யாரா இருந்தாலும், நஞ்சு எங்கயாவது துண்டு விட்டிருக்கா, கொடி எங்க சேருது, பார்த்துட்டுத்தான் இங்க சேர்ப்பேன்."

"எனக்கும் அதுதான் நல்லது."

"உங்களுக்கு என்ன, நீங்க ஓடிண்டே இருப்பீங்க," என்றார் அவர். சிரித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் தி.நகர் வேலையை முடித்துவிட்டு அவர் மறுபடி வந்தபோது தேவானை விழித்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. பொன்னுரங்கம் ஈரத் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூத்த பெண் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தங்கச்சியைக் கதவு வழியாகக் காட்டியிருக்கிறார்கள். ஏன் வெளியே எடுத்துத் தரவில்லை என்பதுதான் அவளுடைய கவலை.

"எப்படி இருக்கே?" என்றார் வெங்கடரமணன்.

தேவானை தலையை மட்டும் திருப்பினாள். வலியில் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை.

"வாய்யா," என்றாள். "சொன்ன மாதிரியே எல்லாம் முடிஞ்ச அப்பால வந்துட்டே."

"தேவானை!" என்றான் பொன்னுரங்கம்.

"இருய்யா, அவருக்குக் கோவம் வராது." அவள் குரல் குறைந்தது. "சார். அன்னிக்கு நீ வந்துருவேன்னு சொல்லியிருந்தா நான் அங்கயே படுத்திருப்பேன்."

அவர் கட்டில் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் ஒரு நோயாளி பக்கத்தில் வேலை இல்லாமல் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இடுப்பில் பேஜர் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மயிலாப்பூர். நாளைக்கு இருக்கிற கேஸ், அவசரம் இல்லை. மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

"போவணுமா?" என்றான் பொன்னுரங்கம்.

"போகலாம்," என்றார் வெங்கடரமணன். எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாடு டப்பாவை எடுத்தார். மோர் சாதம் புளித்திருந்தது. மூத்த பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஜடையில் ஒரு பக்கம் மேலே இருந்தது, ஒரு பக்கம் கீழே.